தீபாவளி வாரத்தில் காருக்கு என்ன வாடகை சொல்வது: திருப்பூரிலிருந்து ஒரு கணக்கு

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் திருப்பூர் கோவில்வழி பேருந்து நிலையம் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பனியன் கம்பெனிகளில் போனஸ் கைக்கு வந்து, கட்டைப்பையும் பட்டாசுப் பெட்டியுமாக மதுரை, தேனி, திருநெல்வேலி பக்கத்து ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். அன்றைக்கு மஞ்சள் போர்டு வண்டி வைத்திருக்கிறவன் போன் கீழே வைக்க நேரமிருக்காது. புதிதாக இரண்டு மூன்று வண்டி வாங்கி டிராவல்ஸ் ஆரம்பித்தவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். போன் அடிக்கிற வேகத்தைப் பார்த்து வாய்க்கு வந்த விலையைச் சொல்கிறவர்களும் உண்டு. பழகினவர்களாயிற்றே என்று பழைய வாடகைக்கே ஓட்டிவிட்டு, தீபாவளி முடிந்து கணக்குப் பார்க்கும்போது கைக்காசு போயிருப்பதைக் கண்டுபிடிக்கிறவர்களும் உண்டு. நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

விலையை ஏற்றலாமா கூடாதா என்பது என்னைப் பொறுத்தவரை கேள்வியே இல்லை. ஏற்றித்தான் ஆக வேண்டும். எவ்வளவு ஏற்றினால் அது செலவு, அதற்கு மேல் எவ்வளவு நெருக்கடிக் காசு, அந்த நெருக்கடிக் காசை யாரிடம் வாங்கலாம், யாரிடம் வாங்கக் கூடாது என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் திரும்பி வரும் வண்டியைக் கணக்குப் பாருங்கள்

திருப்பூரிலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக மதுரை சுமார் 180 கிலோமீட்டர். என்னிடம் இருக்கிற பழைய டீசல் செடான் ஒன்றை வைத்துச் சொல்கிறேன். உங்கள் வண்டியின் மைலேஜும் உங்கள் ஊர் ரேட்டும் வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

சாதாரண நாளில் ஒருவழி டிராப்புக்கு கிலோமீட்டருக்கு 14 ரூபாய் வாங்குகிறேன். 180 கிலோமீட்டருக்கு 2,520, டிரைவர் பேட்டா 400, ஆக 2,920 ரூபாய். போகும்போது கட்டும் டோல் வாடிக்கையாளர் பொறுப்பு. செலவைப் பாருங்கள். போக வர 360 கிலோமீட்டர், லிட்டருக்கு 18 ஓடினால் 20 லிட்டர் டீசல், லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 1,860. டயர், ஆயில், சர்வீஸ், இன்சூரன்ஸ், வண்டித் தேய்மானம் எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு 3 ரூபாய் எடுத்து வைக்கிறேன், அது 1,080. பேட்டா 400. வரும் வழி டோலுக்கு வட்டமாக 100. மொத்தம் 3,440.

வாங்கியது 2,920, செலவு 3,440. அப்படியென்றால் தினமும் நஷ்டத்திலா ஓட்டுகிறோம்? இல்லை. சாதாரண நாளில் இரண்டு டிரிப்புக்கு ஒரு டிரிப்பாவது மதுரையிலிருந்து திரும்ப ஆள் கிடைக்கும். அந்த ரிட்டன் 2,520-ல் பாதியை ஒவ்வொரு டிரிப்புக்கும் வரவாக வைத்தால் 1,260 சேர்கிறது. கடைசியில் டிரிப்புக்கு 740 ரூபாய் நிற்கும். ஒருவழி டிராப் தொழிலே இந்த ரிட்டனை நம்பித்தான் நடக்கிறது.

தீபாவளிக்கு முந்தின நாள் மதுரையிலிருந்து திருப்பூருக்கு யார் வருவார்கள்? ஒருத்தரும் வர மாட்டார்கள். வண்டி காலியாகத்தான் திரும்பும். டிரைவரும் அவர் வீட்டுப் பண்டிகையை விட்டுவிட்டு வருகிறார். 400 கொடுத்தால் வர மாட்டார், 800 கொடுக்க வேண்டும், கேட்பதும் நியாயம்தான். செலவு 3,840 ஆகிவிடுகிறது, ரிட்டன் வரவு பூஜ்யம். சாதாரண நாளில் நிற்கிற அதே 740 நிற்க வேண்டும் என்றால் 4,580 வாங்க வேண்டும். இதில் ஒரு ரூபாய்கூட அதிக லாபம் இல்லை. ஆனால் போனில் கேட்கிறவருக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றியதாகத் தெரியும்.

இந்த 4,580-ஐ நான் செலவுக் கோடு என்று சொல்வேன். நோட்டின் முதல் பக்கத்தில் ஊர் ஊராக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய மார்க்கெட்டில் மற்றவர்கள் 6,000 சொல்கிறார்கள் என்றால், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 1,420 ரூபாய்தான் உண்மையான பண்டிகை விலை. நியாயம், அநியாயம் என்று பேச வேண்டியது அந்த 1,420-ஐப் பற்றி மட்டும்தான்.

எல்லாப் பண்டிகைக்கும் செலவுக் கோடு ஏறாது என்பதையும் கவனியுங்கள். ஆடி 18-க்கு பவானி கூடுதுறைக்குப் போகிறவர்கள் காலையில் போய்க் குளித்துக் கும்பிட்டுவிட்டு அதே வண்டியில் திரும்பி வருவார்கள். ரிட்டன் காலி என்ற பேச்சே இல்லை. அன்றைக்கு வெயிட்டிங் காசுக்கு மேல் ஏற்றுகிறவர் நெருக்கடிக் காசைத்தான் வாங்குகிறார். தைப்பூசம் தலைகீழ். இந்தப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடந்து போகிற கூட்டம், திரும்பி வரத்தான் வண்டி கேட்கும். போகும்போது காலி, அதோடு பழனிக்குள் பாதையை மாற்றி விடுவதால் நேரமும் தின்னும். தூரம் குறைவு என்று நினைத்துக் குறைந்த விலை சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அங்கே கிலோமீட்டர் கணக்கு உதவாது, மணிக்கணக்கில் சொல்லுங்கள்.

அடிக்கிற போன் எல்லாம் சவாரி அல்ல

இரண்டாவது வேலை, தேவை நிஜமாகவே இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு வருடம் தீபாவளி வாரத்தில் நாற்பதுக்கு மேல் போன் வந்தது. மூன்று வண்டிக்கு நாற்பது பேரா என்று மதுரைக்கு 7,000 சொன்னேன். முந்தின நாள் சாயங்காலம் ஒரு வண்டி ஷெட்டில் நின்றது. அப்புறம் நோட்டை எடுத்துப் பார்த்தால், ஒரே வீட்டிலிருந்து புருஷன் ஒரு நம்பரிலும் பெண்சாதி ஒரு நம்பரிலும் கேட்டது மட்டுமே ஏழெட்டு. ரயில் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்துகொண்டு எதற்கும் கேட்டு வைப்போம் என்று கேட்டவர்கள் அதற்கும் மேல். டிக்கெட் உறுதியானதும் அவர்கள் போனை எடுக்கவே இல்லை.

அதனால் இப்போது ஒவ்வொரு போனுக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுகிறேன். எந்தத் தேதி, எந்த நேரம், எந்த ஊர், ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ டிக்கெட் போட்டிருக்கிறார்களா, 1,000 ரூபாய் அட்வான்ஸ் இப்போதே அனுப்புவார்களா. கடைசிக் கேள்விதான் முக்கியம். அட்வான்ஸ் கட்டியவர்தான் சவாரி, மற்றதெல்லாம் விசாரிப்பு. நாற்பது விசாரிப்பில் ஆறு அட்வான்ஸ் என்றால் உங்கள் தேவை ஆறு.

தீபாவளி என்ன கிழமையில் விழுகிறது என்பதும் விலையைத் தீர்மானிக்கும். 2024-ல் தீபாவளி வியாழக்கிழமை, அக்டோபர் 31. வெள்ளிக்கிழமையும் அரசு விடுமுறை விட்டது. கூட்டம் மொத்தமும் செவ்வாய் இரவிலும் புதன்கிழமையிலும் கிளம்பியது. 2025-ல் அக்டோபர் 20, திங்கட்கிழமை. வெள்ளி சாயங்காலம், சனி, ஞாயிறு என்று கூட்டம் பிரிந்துவிட்டது. அதே ஊர், அதே கூட்டம், ஆனால் ஒரு நாளைக்கு விழுகிற நெருக்கடி பாதி. போன வருடம் கிடைத்த விலையை இந்த வருடமும் சொன்னால் வண்டி நிற்கும். 2026-ல் நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி இரவிலும் சனிக்கிழமையிலும் நெருக்கும் என்று இப்போதே சொல்லலாம்.

ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது. கோவையிலிருந்து திருப்பூர், ஈரோடு, கரூர் வழியாக மதுரை போகிற நாகர்கோவில் ரயிலில் தீபாவளிக்கு முந்தின இரவுக்கு எவ்வளவு வெயிட்டிங் போகிறது என்று அந்த வாரத்திலேயே பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். அரசு சிறப்புப் பேருந்து அறிவிப்பு வந்த பிறகு விசாரிப்பு குறைகிறதா என்றும் பாருங்கள். குறைந்தால் அது பஸ் டிக்கெட்டுக்குப் போகக்கூடிய கூட்டம். 6,000 அவர்களிடமிருந்து வராது.

உங்களால் எத்தனை டிரிப் முடியும் என்பதையும் நேர்மையாகப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பினால் அந்த நெரிசலில் மதுரை சேரப் பதினொன்றரை ஆகும். திரும்பி வர விடிகாலை நான்கு. அதே டிரைவரை ஒரு டீயோடு மறுபடி ஆறு மணிக்கு அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், செய்யாதீர்கள். வண்டி தயாராக இருக்கும், டிரைவருக்குக் கண் சொக்கும். ஆக்டிங் டிரைவரைப் பத்து நாள் முன்னாலேயே பேசி வைக்க முடிந்தால் மட்டும் கூடுதல் டிரிப்பை எண்ணிக்கையில் சேருங்கள். மூன்று வண்டிக்கு இரண்டு நெருக்கடி நாளில் என் கணக்கு ஆறு டிரிப், அதற்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை.

யார் வாடிக்கையாளர்?

பண்டிகைக்குப் பண்டிகை மட்டும் கூப்பிடுகிறவர் வாடிக்கையாளர் இல்லை. "நாலு வருசமா உங்ககிட்டத்தானுங்க வர்றோம்" என்று சொல்வார்கள். நோட்டைப் பார்த்தால் நாலு வருடமும் நாலு தீபாவளி மட்டும் இருக்கும். நான் பார்ப்பது கடந்த பன்னிரண்டு மாதத்தில் பண்டிகை இல்லாத சாதாரண நாட்களில் எத்தனை சவாரி கொடுத்தார் என்று. ஆறுக்கு மேல் இருந்தால் அவர் பெயர் தனிப் பக்கத்தில் ஏறும்.

இப்போது அந்த 1,420-க்கு வருவோம். எனக்கு ஒரு பையிங் ஆபீஸ் மேனேஜர் இருந்தார். மாதம் நான்கு தடவை கோவை விமான நிலையத்துக்கு வண்டி எடுப்பார். ஒரு டிரிப்புக்கு 250 ரூபாய் நிற்கும், வருடத்துக்கு 12,000. முதல் தீபாவளியில் அவர் மதுரைக்குக் கேட்டபோது எல்லாருக்கும் சொன்ன 6,000-ஐயே அவருக்கும் சொன்னேன். எதுவும் பேசவில்லை. "சரீங்க" என்றார், காசு கொடுத்தார், போனார். திட்டியிருந்தால்கூடப் புரிந்திருக்கும். ஜனவரியில் பீளமேட்டில் விமான நிலைய வாசலில் வேறொரு சவாரிக்காக நின்றுகொண்டிருந்தேன். அவர் இன்னொருத்தர் வண்டியிலிருந்து இறங்கினார். என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். கொங்கு நாட்டில் வாடிக்கையாளர் போகிற விதம் பெரும்பாலும் இதுதான். சண்டை போட மாட்டார்கள், மரியாதை குறையாது, போன் மட்டும் வராது.

அவரிடம் செலவுக் கோட்டை வட்டமாக்கி 4,500 சொல்லியிருக்கலாம். நான் கூடுதலாக வாங்கியது 1,500. வருடத்துக்கு அவரால் நிற்பது 12,000. எட்டில் ஒரு பங்கு. அப்படியென்றால் இந்த மாதிரி எட்டு வாடிக்கையாளரிடம் 1,500 கூடுதலாக வாங்கி, அதில் ஒரே ஒருத்தர் போய்விட்டால் ஒரு வருடத்தில் அந்தக் காசு முழுக்கப் போய்விடும். இரண்டு பேர் போனால் நஷ்டம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இந்த வகுத்தலைப் போடுங்கள். வருடத்தில் ஏழெட்டு சின்ன சவாரி மட்டும் கொடுத்து, உங்களுக்கு 2,000 நிற்கிறவருக்கு அதே 1,500 விட்டுக்கொடுப்பது கட்டுப்படியாகாது. அவருக்குப் பாதி விட்டுக்கொடுங்கள். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே சலுகை என்பது கேட்க நன்றாக இருக்கும், கணக்கில் நிற்காது.

பழக்கத்துக்காக 2,920-க்கே போவதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. அடுத்த வருடம் 4,500 சொல்லும்போது அவருக்கு அது ஏமாற்றாகத்தான் தெரியும். செலவுக் கோட்டுக்குக் கீழே போகிற நல்ல மனசு ஒரு வருடம்தான் தாங்கும்.

வாடிக்கையாளருக்கு விலையைவிட வண்டிதான் முக்கியம்

தனிப் பக்கத்தில் இருப்பவர்களை தீபாவளிக்கு 25 நாள் முன்னால் நானே கூப்பிடுகிறேன். பேச்சு இப்படிப் போகும்.

"அண்ணா, தீபாவளிக்கு ஊருக்குப் போறீங்களா? வண்டி எடுத்து வெக்கட்டுங்களா?"

"போகோணுங்க. எவ்வளவு ஆகுமுங்க?"

"மதுரைக்கு நாலாயிரத்து ஐநூறுங்க. டோல் தனி."

"ஏனுங்க, போன மாசம் ரெண்டாயிரத்து தொள்ளாயிரம்தானே குடுத்தேன்?"

"ஆமாங்ணா. அன்னைக்கு வர்றப்ப மதுரையில ஆள் கெடச்சுது. தீபாவளிக்கு முந்தின நாள் வண்டி காலியாத்தானுங்க வரோணும். டீசலும் டிரைவரும் அங்கிருந்து இங்க வரைக்கும் என் காசு. வெளிய கேட்டுப் பாருங்க, ஆறாயிரம் சொல்லுவாங்க."

"செவ்வாக்கெழம போனாக் கொறையுமுங்களா?"

இந்தக் கேள்வி வந்தால் சந்தோஷப்படுங்கள். ஆபீஸ் ஆட்கள், ரிட்டயர் ஆனவர்கள், குழந்தைகளை ஒரு நாள் முன்னால் அனுப்ப முடிகிறவர்கள் என்று பாதிப் பேருக்கு நேரத்தை மாற்ற முடியும். ஒரு நாள் முன்னால், மத்தியானத்தில் கிளம்பினால் டிரைவருக்கு இரட்டைப் பேட்டா வேண்டாம், நெரிசலும் கம்மி. அதற்கு 4,100 சொன்னாலும் எனக்கு அதே பணம்தான் நிற்கும். நெருக்கடி நேரத்து வண்டி ஒன்றும் மிச்சமாகும்.

பிடித்து வைப்பதற்குக் கெடு வேண்டும். 15 நாள் முன்னால் வரை வண்டி அவர் பெயரில் இருக்கும், அதற்குள் 500 அட்வான்ஸ் வந்துவிட வேண்டும். கெடு இல்லாமல் வைத்திருந்து, முந்தின நாள் "ரயில் கன்ஃபர்ம் ஆயிடுச்சுங்க" என்று கேட்டபோது முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த விலை அவரும் அவர் வீட்டாரும் போகிற வண்டிக்கு மட்டும்தான். மச்சானுக்கு, மச்சானின் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று போனால் ஆறு டிரிப்பும் 4,500-க்குப் போய்விடும்.

கெடு முடிந்ததும் மிச்சமிருக்கிற வண்டிகள்தான் புதியவர்களுக்கு. இங்கே மார்க்கெட் விலையை வாங்குங்கள், தப்பில்லை. நான் மட்டும் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறேன்: சாதாரண வாடகையின் இரண்டு மடங்குக்கு மேல், அதாவது மதுரைக்கு 5,840-க்கு மேல் சொல்வதில்லை. ஆப் டாக்ஸி நிறுவனங்களுக்கு மத்திய அரசு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு வரை அனுமதித்தது, 2025-ல் அதை இரண்டு மடங்காக்கியது. மூன்று வண்டி வைத்திருக்கிற நமக்காகப் போட்டதில்லை அது. ஆனாலும் போனில் கேட்கிறவர் மனதில் அந்த இரண்டு மடங்கு இருக்கிறது. அதைத் தாண்டினால் பேரம் நின்று பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

எங்கே கெட்டுப்போகும்

சொன்ன விலையை மாற்றுவதுதான் பெரிய கேடு. 15 நாள் முன்னால் 4,500-க்கு ஒப்புக்கொண்டுவிட்டு, முந்தின நாள் ஒருத்தர் 7,000 தருகிறேன் என்றதும் "வண்டி பிரேக்டவுனுங்க" என்று சொல்வது. திருப்பூர் சின்ன ஊர். அந்தப் பிரேக்டவுன் வண்டியை தாராபுரம் ரோட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள்.

அடுத்தது டிரைவர். நீங்கள் 4,500-க்குப் பேசியிருப்பீர்கள். அவர் ஒட்டன்சத்திரத்தில் டீக்கு நிறுத்தி, தீபாவளிக் காசு 500 வேண்டும் என்பார். வாடிக்கையாளர் அதையும் உங்கள் கணக்கில்தான் எழுதுவார். கிளம்புவதற்கு முன்னால் 800 பேட்டாவை டிரைவர் கையில் கொடுத்துவிட்டு, பேட்டா கொடுத்தாயிற்று என்று வாடிக்கையாளருக்கு ஒரு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது, வண்டி போதாமல் தெரிந்தவரின் வெள்ளை போர்டு காரை அனுப்புவது. வாடகைக்கு ஓட்ட அனுமதி இல்லாத வண்டி அது. வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் சிக்கலாகும். அந்தச் சவாரியை வேறொரு மஞ்சள் போர்டுக்காரருக்குக் கைமாற்றி விடுங்கள்.

விலை சரியா என்று எப்படித் தெரியும்? தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாலேயே புதியவர்களுக்கான வண்டி எல்லாம் அட்வான்ஸோடு முடிந்துவிட்டால் விலை குறைவாகச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு நாள் முன்னாலும் வண்டி நின்றால் அதிகம். அப்போது இறங்கலாம், ஆனால் செலவுக் கோட்டுக்குக் கீழே அல்ல. வண்டி ஷெட்டில் நின்றால் தேய்மானமும் டீசலும் மிச்சம்.

வாடிக்கையாளர் பக்கம் தெரிய நாள் பிடிக்கும். தனிப் பக்கத்தில் இருப்பவர்கள் வழக்கமாக எத்தனை நாளுக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள் என்று பெயருக்கு எதிரே எழுதியிருப்பேன். வாரம் ஒருமுறை கூப்பிடுகிறவர் தீபாவளிக்குப் பிறகு மூன்று வாரம் கூப்பிடவில்லை என்றால் நானே போன் பண்ணி நேராகக் கேட்டுவிடுவேன். பாதி நேரம் வேறு காரணம் இருக்கும். மீதி நேரம் "இல்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்று இழுப்பார்கள். அப்போது எவ்வளவு வாங்கினோம் என்று நோட்டைப் பார்த்துக்கொள்வேன்.

ஒரு பெயருக்கு எதிரே மட்டும் எந்தக் கோடும் போட்டதில்லை. எங்கள் வீதியில் ஒரு அம்மா, வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர். போக வர 350 ரூபாய். ஒரு வருடம் அவருடைய நாள் தீபாவளிக்கு முந்தின நாளாகவே வந்தது. ஒரு வண்டியை மதுரை கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன், டிரைவர் கேட்காமல் நானே ஓட்டினேன். அன்றைக்கும் 350தான்.